நீர்வேலிக்கு முதல் சிறுப்பிட்டியா? (750 பஸ், பழைய கொண்டக்டர் ஒருவரின் நினைவுகள்)

கோண்டாவிலான், மார்ச் 2, இரவு 8.40

பேரன் என்ற பெயரில் ஒருவர் தன் தாத்தாவின் பஸ் நினைவுகளைப் போட்டுக்கொண்டு வருகிறார். நல்ல விஷயம்தான். ஆனால் நேற்றைய பதிவில் புத்தூர், சிறுப்பிட்டி, நீர்வேலி, கோப்பாய் என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறைக்குப் போகிறவன் கோப்பாயைத் தாண்டாமல் புத்தூருக்கு எப்படிப் போவான்? இருபது வருசம் அந்த ரோட்டில் சைக்கிள் ஓடினவன் நான். பெரியவருக்கு மறதி வந்திருக்கலாம், அதில் பிழையில்லை. எழுதுகிறவர் ஒருக்கால் மப்பைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

பேரன், மார்ச் 2, இரவு 10.15

மறதி இல்லை. பிழை என்னுடையது. அவர் பருத்தித்துறையில் இருந்து வரும்போது நடந்ததைச் சொன்னார், நான் எந்தப் பக்கம் போகிற பஸ் என்று எழுதவில்லை.

இதை முதலே சொல்லியிருக்க வேண்டும். அம்மப்பாவிடம் "சிறுப்பிட்டியில் என்ன நடந்தது?" என்று கேட்டால் ஒன்றும் வராது. "எந்த ட்ரிப்?" என்று திருப்பிக் கேட்பார். போகிற ட்ரிப்பா வருகிற ட்ரிப்பா என்று சொன்னால்தான் வாய் திறக்கும். போகும்போது அவர் சொல்கிற தரிப்புகளும் வரும்போது சொல்கிறவையும் முழுக்க ஒன்றல்ல. போகும்போது ஒரு பள்ளிக்கூட வாசல், வரும்போது அதற்கு எதிரே கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரம். எனக்கு அது ஒரே இடம். அவருக்கு இரண்டு இடம், இரண்டு சனம்.

ரொரன்ரோ மாமா, மார்ச் 3, காலை 6.05

என் ஐயா டிரைவர். வேற டிப்போ, வேற ரூட். அவர் கடைசிக் காலத்தில் கட்டிலில் படுத்தபடி வலது காலை அமத்துவார், பிரேக். அம்மா "ஆரும் குறுக்க வாறாங்களோ?" என்று கேட்பா. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, வாசிக்க ஞாபகம் வந்தது.

பேரன், மார்ச் 3, மாலை 5.20

சம்பந்தம் இருக்கு, மாமா.

முதல் கிழமை அவரைக் கதிரையில் இருத்தி, போனை மடியில் வைத்து, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வசனத்துக்கு மேல் வரவில்லை. மூன்றாம் நாள் கரண்ட் போய்விட்டது. விறாந்தைக்கு வந்து யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சும்மா "இப்ப எங்க நிக்குது பஸ்?" என்றேன். இடது கை கம்பியில், வலது பெருவிரல் ஏதோ ஒரு கட்டுத் தாளைத் தட்டுகிற மாதிரி ஆடியது. "இருபாலை தாண்டியாச்சு, கோப்பாய்க்குள்ள ரிக்கெற் முடிக்க வேணும்" என்றார். அன்றைக்கு நாற்பது நிமிடம் ஓடியது, நெல்லியடி வரைக்கும். இடையில் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கதையைக் குழப்பிவிட்டா. அவர் விட்ட இடத்தில் தொடங்கவில்லை. திரும்ப யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டுக்குப் போய் முதலில் இருந்து வந்தார்.

இப்போது பதிவு என்றால் நிற்க வைத்துத்தான். கால் உழைந்தால் நிறுத்திவிடுவோம்.

வடமராட்சிக்காரி, மார்ச் 3, மாலை 6.02

ஒரு சின்னத் திருத்தம். முந்திப் போட்ட பதிவில் "பத்தாங்கட்டையில்" ஒருவர் ஏறினார் என்று எழுதி, மப்பில் நீர்வேலிக்குப் பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறீர்கள். கட்டை என்றால் கிலோமீற்றர் இல்லைத் தம்பி, மைல். எங்கட ஊரில் பருத்தித்துறை இருபத்தொரு கட்டை என்றுதான் சொல்லுவினம்.

பேரன், மார்ச் 3, மாலை 6.30

ஐயோ. ஓம். பத்துக் கிலோமீற்றரை அளந்து புள்ளி வைத்தேன், அது நீர்வேலியில் விழுந்தது. பத்து மைல் பதினாறு கிலோமீற்றர், அப்போ புத்தூர்ப் பக்கம். அவரிடம் கேட்டேன். "நீர்வேலியிலை ஏறினவர் எண்டு நான் எப்ப சொன்னனான்?" என்றார். புள்ளியை மாற்றிவிட்டேன்.

கோண்டாவிலான், மார்ச் 3, இரவு 9.11

அப்போ மப் பார்த்ததுதான் பிரச்சினை. நான் சொன்ன ஆலோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

பேரன், மார்ச் 6, இரவு 9.45

பெரிய விஷயம் ஒன்று. அம்மம்மாவின் பழைய பஞ்சாங்கத்துக்குள் ஒரு வேபில் தாள் கிடந்தது. அரைவாசிதான் மிச்சம். திகதி இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. மேலே இலங்கைப் போக்குவரத்துச் சபை என்று அச்சு. இடது பக்கம் செக்ஷன் பெயர்கள், குறுக்கே ஒவ்வொரு விலை ரிக்கெற் கட்டுக்கும் ஒரு நிரல், அதில் ஒவ்வொரு செக்ஷனிலும் கட்டு எந்த எண்ணில் நின்றது என்று பென்சிலில் எழுதியிருக்கு. யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறைக்குப் போன ஒரு ட்ரிப்.

கடைசி வரி இப்படி. 10 சதக் கட்டு 208இல் தொடங்கி 261இல் முடிகிறது. 25 சதக் கட்டு 417இல் இருந்து 452. 50 சதக் கட்டு 733இல் இருந்து 754. அடியில் மொத்தம் 24.55 என்று அவர் கையெழுத்து.

நான் கணக்குப் பார்த்தேன். 208இல் இருந்து 261 வரை 54 ரிக்கெற், 5 ரூபா 40. 417இல் இருந்து 452 வரை 36, ஒன்பது ரூபா. 733இல் இருந்து 754 வரை 22, பதினொரு ரூபா. கூட்டினால் 25.40 வருகிறது. அவர் எழுதியது 24.55. எண்பத்தைந்து சதம் குறைகிறது.

அந்தக் காலத்தில் 85 சதம் சின்னக் காசில்லை என்று நினைக்கிறேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை. யாருக்காவது விளக்கம் தெரியுமா?

சிவப்புக்குடை, மார்ச் 6, இரவு 10.20

பருத்தித்துறைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியுமா? நாளைக்குப் போக இருக்கு.

கோண்டாவிலான், மார்ச் 6, இரவு 10.31

இது 50 வருசத்துக்கு முந்தின பஸ், தங்கச்சி.

85 சதம் பற்றி: எல்லா கொண்டக்டரும் கொஞ்சம் அடித்தவர்கள்தான். குறை நினைக்க ஒன்றுமில்லை. பெரியவரைத் தொந்தரவு செய்யாதேங்கோ.

பேரன், மார்ச் 7, காலை 7.10

தொந்தரவு செய்துவிட்டேன். பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். நேற்று அதையும் வாசித்தேன், கோண்டாவிலானின் பதிலையும் சேர்த்து. ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். பிறகு அறைக்குள் இருந்து அம்மாவிடம் சொன்னது கேட்டது: "முப்பத்தஞ்சு வருசம் ஒரு சதம் குறைஞ்சு கட்டேல்லை. இப்ப பேரன் உலகத்துக்கே சொல்லிப்போட்டான் நான் கள்ளன் எண்டு."

இன்றைக்குப் பதிவு கிடையாது.

பழைய டிப்போ எழுத்தர், மார்ச் 7, காலை 9.50

நான் சாதாரணமாக எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. இதற்கு எழுத வேண்டியிருக்கிறது. நான் டிப்போவில் வேபில் சரிபார்த்தவன்.

தம்பி, உங்கள் கணக்குப் பிழை. அவருடையது சரி.

கட்டு 452இல் முடிகிறது என்றால் 452ஆம் ரிக்கெற் விற்றுப்போயிற்று என்று அர்த்தமில்லை. கட்டின் மேலே இப்போது 452 தெரிகிறது, அது இன்னும் கிழியவில்லை என்று அர்த்தம். கொண்டக்டர் பஸ்ஸில் நின்றுகொண்டு எதைப் பார்த்து எழுதுவார்? கையில் இருக்கும் கட்டின் மேல் தாளைத்தான். கிழிந்துபோன தாள் ஆரின்ரையோ சட்டைப் பையில் இருக்கும். ஆகவே 452இல் 417ஐக் கழித்தால் 35. அவ்வளவுதான், ஒன்று கூட்டக் கூடாது.

அந்த 452 அடுத்த ட்ரிப்பின் தொடக்க எண்ணாக அப்படியே போகும். நீங்கள் சொல்கிற மாதிரி எண்ணினால் 452ஆம் ரிக்கெற்றுக்கு இந்த ட்ரிப்பிலும் காசு கட்ட வேண்டும், அடுத்த ட்ரிப்பிலும் கட்ட வேண்டும். பாவம் மனிசன்.

53 பத்துச் சதம் 5.30. 35 இருபத்தைந்து சதம் 8.75. 21 ஐம்பது சதம் 10.50. கூட்டிப் பாருங்கள், 24.55.

இன்னொன்று. மூன்று கட்டிலும் சரியாக ஒவ்வொரு ரிக்கெற்தான் குறைந்தது. களவெடுக்கிறவன் அப்படி அளந்து எடுக்க மாட்டான். அதைக் கண்டவுடனேயே எண்ணுகிறவர் பிழை விட்டிருக்கிறார் என்று விளங்கியிருக்க வேண்டும். புதிதாக வருகிற எழுத்தர்களும் முதல் கிழமை இதே பிழையை விடுவார்கள், நானும் விட்டவன்.

பேரன், மார்ச் 7, காலை 10.04

நன்றி ஐயா. இதை அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன்.

பேரன், மார்ச் 7, இரவு 8.30

வாசித்தேன். "எழுத்தர் எந்த டிப்போவாம்?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு "ஒருக்கால் திரும்ப வாசி" என்றார். மூன்று தரம் வாசித்தேன். களவெடுக்கிறவன் அளந்து எடுக்க மாட்டான் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரித்தார்.

எனக்கு மன்னிப்பு இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று அம்மா சொல்கிறா. 6ஆம் திகதிப் பதிவை அழிக்கட்டுமா என்று கேட்டேன். "அழியாதை. வேபில்லை அழிச்சு எழுதக் கூடாது. பிழையை வெட்டிப்போட்டுப் பக்கத்திலை சரியை எழுது" என்றார். ஆகவே அது அங்கேயே இருக்கும்.

கோண்டாவிலான், மார்ச் 7, இரவு 8.52

நானும் ஒன்று வெட்ட வேண்டியிருக்கு. எல்லா கொண்டக்டரும் என்று எழுதியது பிழை. அவருக்கு இதையும் வாசித்துவிடுங்கோ.

பேரன், மார்ச் 9, மாலை 4.40

அவர் திரும்ப யன்னலுக்கு வந்துவிட்டார். தாளைக் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டும் பென்சில் எழுத்து அவருக்குத் தெரியவில்லை, ஆனால் நான் எண்களை வாசிக்க வாசிக்க அவர் பஸ்ஸை ஓட்டினார். 25 சதக் கட்டு யாழ்ப்பாணத்தில் 417, கோப்பாயில் 431. "பதினாலு. கல்வியங்காட்டுச் சந்தைச் சனம்." நீர்வேலியில் 436, புத்தூரில் 444, ஆவரங்காலில் 449.

வல்லையிலும் 449. மற்றக் கட்டுகளும் அப்படித்தான், ஆவரங்காலுக்கும் வல்லைக்கும் இடையில் ஒரு எண்ணும் அசையவில்லை. ஏன் என்று கேட்டேன்.

ரொரன்ரோ மாமா, மார்ச் 9, மாலை 5.15

வல்லை முனி. வல்லை வெளியில் இறங்கி ஏற ஆர் துணிவான்? ஐயா சொல்லுவார், முனியப்பருக்குச் சில்லறை போடாமல் ஒரு வாகனமும் போகாது என்று.

பேரன், மார்ச் 9, மாலை 5.50

அதையே நானும் கேட்டேன், மாமா. முனியும் ஒரு காரணம்தான் என்றார், ஆனால் பெரிய காரணம் காற்று. வெளிக்குள் பஸ் இறங்கினால் இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்பு ஒன்றும் இல்லை. கட்டை விரித்தால் தாள் சிலுப்பும், கிழித்துக் கொடுக்கிற ரிக்கெற் சனத்தின் கைக்குப் போக முதல் யன்னலால் போய்விடும். போனால் அந்த ஆளுக்கு இன்னொன்று கிழிக்க வேண்டும், முதல் போனதன் காசு கொண்டக்டரின் தலையில். ஒருமுறை அப்படி ஐம்பது சதத் தாள் ஒன்று போனதாம், இன்னும் மறக்கவில்லை. அதனால் ஆவரங்காலுக்குள் எல்லாரிடமும் காசு வாங்கி முடித்துவிட்டு, வெளியில் கட்டைப் பெருவிரலால் அமத்தியபடி பின்கதவில் நிற்பார். தாளில் வல்லைக்கு நேரே எழுதிய எண், அந்த வெளி தாண்டியபிறகு எழுதினதாம்.

முனியப்பருக்குப் போடுகிற ஐந்து சதம் காசுப் பையில் இருந்து இல்லை. சட்டைப் பையில் தனியாக இருந்தது. பையில் இருக்கும் காசு ரிக்கெற்றோடு ஒத்து வர வேண்டும், செக்கர் எந்த இடத்திலும் ஏறலாம். சொந்தக் காசு எவ்வளவு என்று புறப்பட முதலே எழுதிவைப்பார்களாம்.

பழைய டிப்போ எழுத்தர், மார்ச் 9, இரவு 7.25

எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். எல்லாரும் எழுதினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இவர் எழுதியிருப்பார் போல.

வடமராட்சிக்காரி, மார்ச் 10, காலை 8.00

திகதி போனதுதான் கவலை. எந்த வருசம் என்று பிடிக்க முடியாதா? தாளின் பின்பக்கத்தில் ஏதும் இருக்கா?

பேரன், மார்ச் 10, பகல் 1.35

பின்பக்கத்தில் இரண்டு குறிப்பு. "மெயில் 40 நிமி. பிந்தி." மற்றது "வெங்காயம் 6 சாக்கு, இடமில்லை."

நான் போட்ட கணக்கு: சபை தொடங்கியது 1958இல். அம்மப்பா வேலைக்குச் சேர்ந்தது 1965இல். 1978இல் சபையைப் பிரித்துப் பெயரையும் மாற்றினார்கள், தாளில் பழைய பெயர் இருப்பதால் அதற்கு முந்தியது. வெங்காயம் ஆறு சாக்கு பஸ்ஸில் வந்தது என்றால் இறக்குமதியை நிறுத்தி, எங்கட வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை ஏறின காலம். ஆகவே 1970க்கும் 1977க்கும் இடையில்.

பழைய டிப்போ எழுத்தர், மார்ச் 10, பகல் 2.10

மெதுவாகத் தம்பி. தலைப்பைக் கொண்டு கடைசி வருசத்தைக் கட்ட முடியாது. பெயர் மாறினால் அடுத்த நாள் எல்லாத் தாளையும் எரிப்பார்களா? அச்சடித்தது முடியும் மட்டும் பழைய தாளில்தான் எழுதினோம்.

வடமராட்சிக்காரி, மார்ச் 10, பகல் 2.44

வெங்காயமும் அப்படித்தான். விலை ஏற முந்தியும் யாழ்ப்பாணத்தில் வெங்காயம் விளைந்தது, ஆட்கள் சாக்கோடு பஸ்ஸில் ஏறினார்கள். தட்டிவானில் இடமில்லை என்றால் பஸ்தானே. அதோடு, உங்கட தாள் யாழ்ப்பாணத்தில் இருந்து போகிற ட்ரிப். வெங்காயம் சந்தைக்கு வரவல்லவா வேணும்? திரும்பிப் போகிற பஸ்ஸில் ஆறு சாக்கு எங்கே போனது?

பேரன், மார்ச் 10, மாலை 6.20

அதை நான் யோசிக்கவே இல்லை. அவரிடம் கேட்டேன். "விதை வெங்காயம்" என்றார் உடனே. கொஞ்ச நேரத்தில் "இல்லை, அது வாற ட்ரிப்பிலை எழுதினதாயிருக்கும், தாளைத் திருப்பிப் போட்டு எழுதியிருப்பன்" என்றார். எது சரி என்று தெரியவில்லை. இரண்டையும் எழுதி வைக்கச் சொன்னார்.

மெயில் மட்டும் உறுதி. இரவு மெயில் விடிய வந்து சேரும், கொழும்பால் வந்த சனம் ஸ்ரேசனில் இருந்து பெட்டியோடு பஸ் ஸ்ராண்டுக்கு வரும்வரை முதல் பஸ் நிற்கும். அப்படி நின்றதற்கு நேரம் பிந்தியது என்று விளக்கம் எழுதியிருக்கிறார். ஆகவே இது விடியல் ட்ரிப். வருசம் இப்போதைக்கு 1965க்குப் பிறகு என்று மட்டும்.

கோண்டாவிலான், மார்ச் 11, இரவு 9.30

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புத்தூருக்கு நேரே 10 சத நிரலில் ஒரு சின்னச் சிலுவைக்குறி இருக்கு. அது என்ன?

பேரன், மார்ச் 12, இரவு 8.15

நேற்றுக் கேட்டேன், "சும்மா" என்றார். இன்றைக்குத் திரும்பக் கேட்டேன்.

புத்தூரில் ஒரு மனிசி ஏறுவாவாம். கடகமும் கையுமாக. சில நாள் காசு இருக்காது. இறக்கிவிடவும் ஏலாது, ரிக்கெற் இல்லாமல் வைத்திருக்கவும் ஏலாது, செக்கர் ஏறினால் அவவுக்கும் இவருக்கும் வழக்கு. அதனால் சட்டைப் பையில் இருந்து காசை எடுத்துப் பைக்குள் போட்டு ஒரு ரிக்கெற் கிழித்துக் கொடுப்பார். பிறகு எண்ணிக்கொள்ள ஒரு குறி.

அவ பேர் என்ன என்று கேட்டேன். "சனத்தின்ரை பேர் ஒண்டும் போடாதை. செக்ஷன் பேர் மட்டும் போடு."

அவ திருப்பித் தந்தாவா என்றும் கேட்டேன். பதில் வரவில்லை.

ரொரன்ரோ மாமா, மார்ச் 13, காலை 5.40

எங்கட அம்மம்மா புத்தூர். கடகத்தோட சந்தைக்குப் போறவ. அவவாய்த்தான் இருக்கும்!

வடமராட்சிக்காரி, மார்ச் 13, காலை 8.12

சந்தைக்குப் போகிறவ யாழ்ப்பாணப் பக்கம் அல்லவோ போயிருப்பா. இது பருத்தித்துறைப் பக்கம் போகிற ட்ரிப்.

ரொரன்ரோ மாமா, மார்ச் 13, காலை 8.20

நெல்லியடிச் சந்தைக்குப் போயிருக்கலாம்தானே.

பேரன், மார்ச் 15, இரவு 9.05

மாமா சொன்னதை அவரிடம் சொன்னேன். "புத்தூரிலை கடகம் இல்லாத வீடு இருந்ததே?" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. பிறகு தன்பாட்டில் இன்னொன்று சொன்னார்: அந்தச் சிலுவை கிழிந்த ரிக்கெற்றுக்குப் போட்ட குறியாகவும் இருக்கலாம், சரியாக ஞாபகம் இல்லையாம். முந்திச் சொன்னதை மாற்றட்டுமா என்றால் வேண்டாமாம். "வெட்டாதை. பக்கத்திலை எழுது."

இன்றைக்கு வல்லை தாண்டி நெல்லியடி, மாலுசந்தி, மந்திகை எல்லாம் வந்தோம். பருத்தித்துறையில் கம்பியை விட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார். "எத்தினை எழுதினாய்?" என்று கேட்டார். போனில் சேமித்த ஒலிப்பதிவுகளைப் பார்த்தேன், கடைசியாக இருந்தது `22.m4a`. இருபத்திரண்டு என்றேன்.

"முடிவு எண் எவ்வளவு?"

யோசித்துவிட்டு இருபத்து மூன்று என்றேன்.

"ஓம்" என்றார். "நாளைக்கு வாற ட்ரிப்."